நலங்கு மாவுக்கு மாறிய பிறகு கை ஏன் கறுக்கிறது?

கேள்வி: எனக்கு 34 வயது. ஈரோடு மாவட்டத்தில் ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பயன்படுத்தும் குடும்பம் எங்களுடையது. சோப்பில் கெமிக்கல் இருக்கிறது என்று 6 மாதங்களுக்கு முன்பு அதை அடியோடு நிறுத்திவிட்டு, எல்லோரும் நலங்கு மாவுக்கு மாறினோம். பாசிப்பயறு 1 கிலோ, கடலைப்பருப்பு அரை கிலோ, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கார்போக அரிசி தலா 100 கிராம், கொஞ்சம் வெட்டிவேர், காய்ந்த எலுமிச்சைத் தோல் சேர்த்து மில்லில் அரைத்தோம். காலையில் அதைத் தேய்த்துக் குளித்துவிட்டு, ஸ்கூட்டரில் 20 நிமிடம் பயணம் செய்து அலுவலகம் போகிறேன். நான்கைந்து மாதமாக முழங்கையிலிருந்து விரல்வரையும் கழுத்தின் முன்பக்கமும் கறுத்துவருகின்றன; வெயில் பட்டால் எரிகிறது. வாட்ச் கட்டும் இடம் மட்டும் பழைய நிறத்தில் இருக்கிறது. உடம்பில் சேர்ந்த கெமிக்கல் வெளியேறுகிறது, போகப்போகச் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். 2 வயது மகனுக்குக் கரப்பான் இருப்பதால், அவனுக்கு மட்டும் கடலை மாவைப் பாலில் குழைத்துத் தேய்க்கிறோம். கணவர் இரு சக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறார். மாவில் கிரீஸ் போகவில்லை என்று தினமும் குறைபடுகிறார். மாவையே தொடரலாமா, அல்லது பி.எச். 5.5 என்று போட்டிருக்கும் பாடி வாஷுக்கு எல்லோரும் மாறிவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி, வாட்ச் கட்டும் இடத்தைப் பற்றியது. மாவை உடம்பு முழுவதும்தான் தேய்க்கிறீர்கள். வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு அந்த இடத்திலும் தேய்த்திருப்பீர்கள். ஆனாலும் வெயில் படாத அந்த ஓர் அங்குலத் தோல் மாறவில்லை. அப்படியென்றால் மாவு மட்டும் இந்தக் கறுப்பை உண்டாக்கவில்லை. வெயிலும் அதில் சேர்ந்திருக்கிறது. வெயில் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியவில்லை. சோப்பு போட்டுக் குளித்த நாட்களிலும் இதே ஸ்கூட்டரில்தான் போயிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன்; அப்போது வராத எரிச்சல் இப்போது வருகிறது. ஆகவே, வெயிலோடு கைகோத்து வேலை செய்யும் ஒரு பொருள் உங்கள் மாவில் இருக்கிறதா என்று தேட வேண்டும். நீங்கள் எழுதிய பட்டியலில் அது இருக்கிறது. அது கார்போக அரிசி.

கார்போக அரிசியும் வெயிலும்

பெயரில் அரிசி இருந்தாலும் அது அரிசி இல்லை. அவரை, துவரை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் கறுத்த சிறு விதை. நல்ல வாசனை உடையது என்பதால் நாட்டு மருந்துக் கடையில் நலங்கு மாவுச் சாமான் கேட்டால் பெரும்பாலும் அதையும் சேர்த்தே கட்டித் தருகிறார்கள். ஆனால் சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் இதற்கு நெடுங்காலமாக இருக்கும் முக்கியமான வேலை வேறு. வெண்புள்ளி வந்த தோலில் மீண்டும் நிறம் வரவழைப்பது. அந்த வேலையைச் செய்கிற சோரலென் என்ற வேதிப்பொருளை நவீன மருத்துவமும் எடுத்துக்கொண்டது. வெண்புள்ளி, சொரியாசிஸ் நோயாளிகளுக்குச் சோரலெனைக் கொடுத்துவிட்டு, வெயிலிலும் இருக்கும் புற ஊதா ஏ கதிரை அளந்த அளவில் காட்டுவது பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கும் சிகிச்சை.

சோரலென் தோலுக்குள் சென்ற பிறகு, இருட்டில் இருக்கும்வரை பெரிதாக எதுவும் செய்வதில்லை. புற ஊதா ஏ கதிர் பட்டவுடன் அது தோல் செல்களின் மரபணு இழைகளோடு பிணைந்துகொள்கிறது. செல்கள் காயம்பட்டு அழற்சி உண்டாகிறது. அதைத் தொடர்ந்து நிறமி அதிகமாகச் சுரக்கிறது. வெண்புள்ளிக்காரருக்கு மருத்துவர் கண்காணிப்பில் வேண்டுமென்றே உண்டாக்கப்படும் இந்த விளைவுதான், உங்களுக்கு வேண்டாத இடத்தில் வேண்டாத அளவில் வந்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். இந்தச் சிகிச்சையில் குளியல் முறை என்றே ஒன்று உண்டு. சோரலென் கரைத்த நீரில் நோயாளியைச் சுமார் 15 முதல் 20 நிமிடம் இருக்கச் செய்து, உடனே ஒளி காட்டுவோம். காலையில் மாவைப் பூசி, சற்று நேரம் ஊறவிட்டுக் குளித்துவிட்டு, நேராக வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டுவது ஏறத்தாழ அதே வரிசைதான். அளவு மட்டும்தான் யாருக்கும் தெரியாது.

இதை யாரும் எளிதில் கண்டுபிடிக்காததற்கு ஒரு காரணம் உண்டு. சாதாரண வெயில் கன்றல் அன்று மாலையே தெரிந்துவிடும். சோரலென் விளைவு பொதுவாக ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டு மூன்று நாட்களில்தான் உச்சத்துக்கு வரும். அதற்குள் இன்னும் இரண்டு குளியல் முடிந்திருக்கும். ஒரே நாளில் அதிகம் பட்டால் சிவந்து கொப்புளம் எழும்பும். அப்போது மாவைச் சந்தேகிப்பார்கள். உங்களைப் போலத் தினமும் சிறிதுசிறிதாகப் பட்டால், கொப்புளமே இல்லாமல் கொஞ்சம் எரிச்சலும் மெல்லக் கூடும் கறுப்புமாகப் போய்க்கொண்டிருக்கும். எலுமிச்சைத் தோலிலும் இதே இனத்துப் பொருட்கள் இருக்கின்றன. அதையும் விட்டுவைக்க வேண்டாம். புற ஊதா ஏ கதிர் சன்னல் கண்ணாடியைக் கடந்து வரும் என்பதால், பேருந்திலோ காரிலோ போனால் ஆபத்தில்லை என்றும் கருத வேண்டாம்.

உடம்பில் சேர்ந்த கெமிக்கல் வெளியேறுவதால் தோல் கறுக்கிறது என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை. சோப்பின் மிச்சம் தோலுக்குள் மாதக்கணக்கில் தங்கிப் பிறகு நிறமாக வெளியே வருவதில்லை. உடலின் கழிவை அகற்றும் வேலையைச் சிறுநீரகமும் ஈரலும் செய்கின்றன. இதை மாமியாரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். அவர் சிறுவயதில் பயன்படுத்திய மாவைப் பற்றிய அவருடைய அனுபவம் பொய்யில்லை. அதில் கார்போக அரிசி இருந்ததா, இருந்தாலும் எவ்வளவு இருந்தது, குளித்த பின் எவ்வளவு நேரம் வெயிலில் இருந்தார் என்பவை வேறாக இருந்திருக்கலாம்.

கடிதத்தை மட்டும் வைத்து முடிவு கூற முடியாது என்பதால், வேறு மூன்று காரணங்களையும் நீங்களே பார்த்துக்கொள்ளும்படி எழுதுகிறேன். தோள்பட்டை எலும்பு, முழங்கை போன்று எலும்பு மேடான இடங்களில் ஆடைக்குள்ளும் கறுத்திருந்தால், அது உரசலால் வந்த கறுப்பாக இருக்கும்; கரகரப்பான மாவை நாரால் அழுத்தித் தேய்ப்பவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். அரிப்பு அதிகமாகி, ஆடை மூடிய இடங்களிலும் சிவந்த தடிப்பு இருந்தால், மஞ்சளுக்கோ வாசனைப் பொருட்களுக்கோ ஒவ்வாமை வந்திருக்கலாம். மஞ்சளுக்கு ஒவ்வாமை வராது என்பது தவறான நம்பிக்கை. கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுத்திருந்தால், அது குளியல் சார்ந்ததே அன்று. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால் இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு முன்கழுத்தும் முன்கையும் மட்டும் என்பதால் நான் முதலில் சொன்னதே பொருந்திவருகிறது.

இப்போது செய்ய வேண்டியது, இந்த மாவை இன்றே நிறுத்துவதுதான். இன்று நன்றாக வெளிச்சம் இருக்கும் ஒரு சன்னலருகே, வாட்ச் இடம் தெரியும்படி கையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 2 வாரத்துக்கு ஒருமுறை அதே சன்னலருகே, அதே நேரத்தில் மீண்டும் எடுங்கள். ஸ்கூட்டரில் போகும்போது முழுக்கை உறையும் கழுத்தை மூடும் துணியும் அணியுங்கள். திறந்திருக்கும் இடங்களில் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத, புற ஊதா ஏ பாதுகாப்பும் உள்ள சன்ஸ்கிரீனைத் தாராளமாகப் பூசுங்கள். எரிச்சல் ஓரிரு வாரத்தில் அடங்கிவிட்டால் நம் சந்தேகம் சரி என்று பெரும்பாலும் கொள்ளலாம். கறுப்பு அவ்வளவு விரைவில் போகாது; மங்குவதற்குப் பல மாதங்கள் ஆகும். அந்தப் பொறுமை இல்லாமல் மருந்துக் கடையில் தாமாகவே கேட்டு வாங்கும் நிறம் வெளுக்கும் கிரீம்களைப் பூச வேண்டாம் என்று உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். அவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. தோல் மெலிந்து, இப்போது இருப்பதைவிடக் கடினமான பிரச்சினையோடு வருபவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன்.

மாவு எப்படி அழுக்கு நீக்குகிறது, சோப்பு எப்படி நீக்குகிறது

இனி, கலப்பில்லாத பயத்தம் மாவும் கடலை மாவும் சோப்புக்கு மாற்றாகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். பயறிலும் கடலையிலும் நுரை தரும் சபோனின் என்ற பொருள் இருப்பது உண்மை. ஆனால் சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருப்பதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. மாவின் உண்மையான வேலை உறிஞ்சுவது. அதிலுள்ள மாவுச்சத்தும் புரதமும் தோல்மேல் இருக்கும் எண்ணெயைப் பிடித்துக்கொள்கின்றன; துகள்களின் உரசல் அதைத் தோலிலிருந்து பெயர்க்கிறது; தண்ணீர் அடித்துச் செல்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் மாவு ஏன் அவ்வளவு நன்றாக இருக்கிறது என்பது இதிலிருந்து புரியும். மேலிருக்கும் நல்லெண்ணெயை வாங்கிக்கொண்டு, தோலுக்கு வேண்டிய அளவு மெழுக்கை மிச்சம் வைத்துப் போகிறது. நம் வழக்கத்தில் மாவு எண்ணெய்க் குளியலின் துணையாக, வாரத்தில் ஓரிரு நாள் வந்தது. எண்ணெய் இல்லாத தோலில் தினமும் காலையில் தேய்ப்பது, அதே பொருளை வேறொரு வேலைக்குப் பயன்படுத்துவதாகும். அங்கே பிடித்துக்கொள்ள வேற்று எண்ணெய் இல்லாததால், தோலின் சொந்த எண்ணெயைத்தான் அது எடுக்கும். குறிப்பாக, காயும்வரை விட்டுப் பிறகு தேய்த்து உதிர்த்தால்.

சோப்பு வேறு வழியில் செல்கிறது. எண்ணெயோடு காரம் சேர்த்துக் காய்ச்சினால் கிடைக்கும் உப்புதான் சோப்பு. அதன் ஒரு முனை தண்ணீரையும் மறு முனை எண்ணெயையும் பிடிப்பதால், எந்தப் பிசுக்கையும் தண்ணீரில் கரையச் செய்துவிடும். அந்தத் திறனுக்கான விலை அதன் காரத்தன்மை. நம் தோலின் மேற்பரப்பு பி.எச். 4.5 முதல் 5.5 வரை, அதாவது லேசான புளிப்பில் இருக்கிறது. சோப்புக் கரைசல் 9-க்கும் 10-க்கும் இடையில் இருக்கும். ஆரோக்கியமான தோல் சில மணி நேரத்தில் தன் நிலைக்குத் திரும்பிவிடும். கரப்பான் தோலும் முதிர்ந்த தோலும் திரும்பத் தாமதமாகும். அதுதான் வறட்சியும் அரிப்பும். வீட்டில் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிய சோப்பும் வேதியியலின்படி சோப்புதான் என்பதால், அதன் காரமும் இதே அளவுதான். பயத்தம் மாவுக் கரைசலோ நடுநிலைக்குச் சற்றுக் கீழே, புளிப்புப் பக்கமாக இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் மாவு சோப்பைவிடத் தோலுக்கு நெருக்கமானது.

உங்கள் ஊர்த் தண்ணீரையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றுக் கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவமாகின்றன. வாளியின் விளிம்பில் படிவது அதுதான். தோலிலும் அதுவே படிந்து, எவ்வளவு கழுவினாலும் பிசுபிசுப்பாகவும் பிறகு இறுக்கமாகவும் உணரச் செய்கிறது. நுரை வரவில்லை என்று இன்னும் கொஞ்சம் சோப்பைத் தேய்ப்பதால் படிவமும் கூடுகிறது. சோப்பை நிறுத்தியவுடன் தோல் மென்மையானது என்று பலர் சொல்வதற்கு மாவின் குணம் பாதி, இந்தப் படிவம் நின்றுபோனது பாதி. பாடி வாஷும், சின்டெட் என்று நாங்கள் சொல்லும் சோப்பில்லாக் கட்டிகளும் இந்தப் படிவத்தை உண்டாக்குவதில்லை. கடின நீர் உள்ள வீட்டுக்கு அவற்றின் உண்மையான பயன் இதுதான்.

ஆனால் பி.எச். 5.5 என்ற எண் ஒன்றை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். பாடி வாஷின் பெரும்பகுதி தண்ணீர். அதில் எந்த நுரைப்பொருள் இருக்கிறது என்பது பி.எச். அளவுக்கே முக்கியம். மேலட்டையிலுள்ள பொருட்பட்டியலில் சோடியம் லாரில் சல்பேட் முன்னிலையில் இருந்தால், பி.எச். என்னவாக இருந்தாலும் வறட்சி தரக்கூடும். சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட் முதலில் வரும் கட்டிகள் பொதுவாக மென்மையானவை. சோடியம் பால்மேட், சோடியம் பாம் கெர்னலேட் என்று தொடங்கினால், மேலட்டையில் என்ன எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது சோப்பு. டி.எஃப்.எம். சதவீதத்தைப் பார்த்து வாங்குபவர்களும் உண்டு. இந்தியத் தர நிர்ணயத்தில் முதல் தரக் குளியல் சோப்புக்கு அது குறைந்தது 76 இருக்க வேண்டும். அது அந்தக் கட்டியில் எவ்வளவு உண்மையான சோப்பு இருக்கிறது என்பதன் அளவு. தோலுக்கு எவ்வளவு மென்மை என்பதன் அளவு அன்று. கிருமிநாசினி என்று விற்கப்படுவதற்குக் கூடுதல் விலை கொடுக்கவும் தேவையில்லை. டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 கிருமிநாசினிப் பொருட்களை வீட்டு உபயோகச் சோப்புகளில் சேர்க்க அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2016-இல் தடை விதித்தது. சாதாரணச் சோப்பையும் தண்ணீரையும்விட அவை மேலானவை என்றோ, நீண்ட நாள் பயன்பாட்டில் பாதுகாப்பானவை என்றோ தயாரிப்பாளர்களால் நிறுவ முடியவில்லை.

மகனுக்குத் தேய்ப்பதை நிறுத்துங்கள்

உங்கள் கைக்குக் கொடுத்ததைவிட இந்தப் பகுதிக்கு அதிகக் கவனம் கொடுக்கும்படி கேட்கிறேன். கரப்பான் உள்ள தோல், பூசிய இடத்தில் பூசியதைத் தடுத்து நிறுத்தாத தோல். அதன் மேலடுக்கு பழுதுபட்டிருப்பதால், வெளியே இருக்க வேண்டிய புரதங்கள் உள்ளே போகின்றன. வாய் வழியாக வரும் உணவை ஏற்றுக்கொள்ளப் பழகும் உடல், அதே உணவு புண்பட்ட தோல் வழியாக வரும்போது அதை எதிரியாக அடையாளம் வைத்துக்கொள்ளக்கூடும். கடலை மாவிலும் பாலிலும் இருப்பவை அப்படிப்பட்ட உணவுப் புரதங்கள். இரண்டுமே ஒவ்வாமை தரக்கூடியவை.

இது வெறும் கருத்து அளவில் உள்ள அச்சம் அன்று. ஜப்பானில் பதப்படுத்திய கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்தியவர்களில் 2,000-க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை உணவு ஒவ்வாமை வந்தது, 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியே வந்தது. அதுவரை ரொட்டியும் நூடுல்ஸும் சாதாரணமாகச் சாப்பிட்டுவந்தவர்கள், முகத்தில் தேய்த்த ஒன்றினால் அவற்றைச் சாப்பிட முடியாதவர்கள் ஆனார்கள். அந்தப் புரதம் பதப்படுத்தப்பட்ட விதம் தனியானது. ஆகவே கடலை மாவிலும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. தோல் வழியாக உணவு ஒவ்வாமை வர முடியும் என்பதை அது ஐயமின்றிக் காட்டியது. கரப்பான் உள்ள 2 வயதுக் குழந்தையிடம் அந்தச் சோதனையைச் செய்ய வேண்டியதில்லை.

அதே வேளையில், பயந்துபோய் அவன் சாப்பாட்டிலிருந்து கடலையையும் பாலையும் எடுத்துவிடாதீர்கள். இதுவரை சாப்பிட்டு எந்தத் தொந்தரவும் இல்லை என்றால், தொடர்ந்து சாப்பிடுவதுதான் அவனுக்கு நல்லது. சாப்பிட்டதும் வாயைச் சுற்றித் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இருமல் என்று எதுவும் கவனித்திருந்தால் மட்டும் அந்த உணவை நிறுத்திவிட்டுத் தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுங்கள்.

அவன் குளியல் வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடத்துக்குள் முடியட்டும். அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் வாசனையில்லாத சின்டெட் கட்டியைத் தொட்டுக் கழுவுங்கள்; மற்ற இடங்களுக்குத் தண்ணீரே போதும். துண்டால் ஒற்றி எடுத்து, தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, ஓரிரு நிமிடங்களுக்குள், மருத்துவர் சொன்ன மாய்ஸ்சரைசரைத் தடவுங்கள். அது கிடைக்காத நாளில் சுத்தமான தேங்காய் எண்ணெய் தடவலாம். நீர்க் கசிவோ மஞ்சள் பொருக்கோ தெரிந்தால் கிருமி சேர்ந்திருக்கிறது என்று பொருள். அப்போது வீட்டு வைத்தியம் போதாது.

கணவரும் மாமியாரும்

உங்கள் கணவர் குறைபடுவதில் நியாயம் இருக்கிறது. பட்டறை கிரீஸ், நாம் தேய்த்துக்கொள்ளும் நல்லெண்ணெயைப் போன்றதன்று. மாவு அதை உறிஞ்சுவதற்குள் தோல் சிராய்த்துவிடும். கையில் முதலில் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டு, நகக்கண் உட்பட நன்றாகப் பிசைந்து, பழைய துணியால் துடைத்தால் கிரீஸின் பெரும்பகுதி இளகி வந்துவிடும். மிச்சத்தை அவர் சோப்பு போட்டுக் கழுவட்டும். பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கை கழுவும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். மெக்கானிக்குகளின் கையில் வரும் வெடிப்புக்கும் புண்ணுக்கும் கிரீஸைவிட அந்தப் பழக்கமே பெரிய காரணம். வியர்வை நாற்றம் அக்குளில் உள்ள கிருமிகளால் வருவது என்பதால் அங்கேயும், தொடையிடுக்கிலும் பாதத்திலும் அவர் சோப்பையோ சின்டெட்டையோ பயன்படுத்துவதுதான் சரி. மடிப்புகளில் சரியாகக் கழுவாமல் தங்கிய மாவு, வியர்வையோடு சேர்ந்து தோலை ஊறவைத்து, படர்தாமரைக்கு இடம் கொடுத்துவிடும்.

கழிப்பறைக்குச் சென்று வந்த பின்னும் சமைக்கும் முன்னும் கை கழுவுவதற்கு வீட்டில் எல்லோருக்கும் சோப்பு வேண்டும். சோப்பை அடியோடு நிறுத்திவிட்டோம் என்று எழுதியிருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். குழந்தை இருக்கும் வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

மாமியாருக்கு எண்ணெயும் கலப்பில்லாத பயத்தம் மாவும் ஒத்துப்போனால் தொடரட்டும். வயதான தோல் இயல்பாகவே வறண்டது. தினமும் மாவு தேவைப்படாது. எண்ணெயும் மாவும் சேர்ந்து விழுந்த குளியலறைத் தரை மிகவும் வழுக்கும். அவர் குளித்து முடிக்கும்வரை பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும், காலுக்கடியில் வழுக்காத விரிப்பும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் மாவுக்குத் திரும்புவதென்றால்

உங்களை மாவிலிருந்து முற்றாக விலக்க நான் விரும்பவில்லை. 8 வாரம் கழித்து, எரிச்சல் முற்றிலும் அடங்கிக் கறுப்பும் மங்கத் தொடங்கியிருந்தால், பாசிப்பயறை மட்டும் அரைத்துத் தொடங்குங்கள். கடலை மாவைவிட அதை நான் விரும்பக் காரணம் உண்டு. கடலையில் கொழுப்பு 5 முதல் 6 சதவீதம். பாசிப்பயறில் ஏறத்தாழ 1 சதவீதம். அதனால் கடலை மாவு சீக்கிரம் காறல் வாடை பிடிக்கும். தோலிலும் ஒட்டிக்கொண்டு கழுவ நேரமெடுக்கும். எண்ணெய் வழியும் முகமும் முதுகும் உள்ளவர்களுக்கு அது உதவலாம். உங்கள் வீட்டில் யாருக்கும் அந்தத் தேவை இருப்பதாகத் தெரியவில்லை.

பயறைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்து அரைக்கக் கொடுங்கள். மில்லில் மிளகாய் அரைக்கும் இயந்திரத்தில் போடாமல் தனி இயந்திரத்தில் அரைக்கிறார்களா என்று நின்று பாருங்கள். மாவு தேய்த்தவுடன் உடம்பெல்லாம் காந்துகிறது என்று வந்த சிலரிடம் விசாரித்தபோது, காரணம் அந்த மிச்ச மிளகாய்த் தூளாகவே இருந்தது. அரைத்ததை மெல்லிய பருத்தித் துணியில் சலியுங்கள். சித்த மருத்துவர்கள் வஸ்திரகாயம் என்று சொல்லும் இந்த ஒரு வேலையை விட்டுவிடுவதால்தான் பெரும்பாலான வீட்டு மாவு உப்புத்தாள்போல உராய்கிறது. இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்தால் துகள் தெரியக் கூடாது. தெரிந்தால் அது சமையலறைக்குத்தான் ஆகும்.

உடம்பு முழுவதற்கும் 2 மேசைக்கரண்டி மாவு போதும். உலர்ந்த கரண்டியால் எடுத்து, அன்றன்றைக்கு ஒரு கிண்ணத்தில் நீர்விட்டு, தோசை மாவுப் பதத்துக்குக் கரையுங்கள். கரைத்து மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்க வேண்டாம், அதில் கிருமி பெருகிவிடும். டப்பாவையும் குளியலறையில் வைக்க வேண்டாம். நார் இல்லாமல் உள்ளங்கையால் தடவி, காயவிடாமல் உடனே கழுவிவிடுங்கள். முதல் வாரம் உடம்பில் தேய்க்காமல், முழங்கை மடிப்பின் உட்புறத்தில் மட்டும் தினமும் இருமுறை தடவிக் கழுவிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ இல்லையென்றால் வாரத்தில் இரண்டு நாள், எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது பயன்படுத்துங்கள். மற்ற நாட்களுக்கு, உங்கள் தண்ணீருக்கு, வாசனையில்லாத சின்டெட் கட்டி பொருத்தமானது. அதையும் அக்குள், தொடையிடுக்கு, பாதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பாடி வாஷ் வாங்கினால் தவறில்லை. ஆனால் அதைத் தேய்க்கும் நுரைப்பஞ்சு நாள் முழுவதும் ஈரமாகத் தொங்கிக் கிருமி வளர்க்கும் என்பதால், கையே போதும். வாசனைக்காகச் சேர்க்க விரும்பினால், பயறு ஒத்துப்போனது என்று தெரிந்த பிறகு ஒரு நேரத்தில் ஒரு பொருளாக, வெட்டிவேரில் தொடங்குங்கள். கார்போக அரிசியும் எலுமிச்சைத் தோலும் மட்டும் மீண்டும் வரவே வேண்டாம். கடையில் பொட்டலமாக வாங்கும் நலங்கு மாவில் இவை இரண்டும் இருக்கின்றனவா என்று பட்டியலைப் பாருங்கள். பட்டியலே இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள்.

மாவை நிறுத்தி 3 வாரம் ஆகியும் எரிச்சல் தொடர்ந்தாலோ, கறுப்பு ஆடைக்குள் பரவினாலோ, கொப்புளம் எழுந்தாலோ தோல் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். போகும்போது மீதமிருக்கும் மாவில் ஒரு பிடியையும், அரைக்கக் கொடுத்த சாமான்களின் பட்டியலையும், நீங்கள் எடுத்த படங்களையும் கொண்டுபோங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் பேட்ச் சோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். முதுகில் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக ஒட்டி 2 நாள் வைத்துப் பார்க்கும் அந்தச் சோதனையில், மஞ்சளா வாசனைப் பொருளா என்று பிரித்தறிய வழி இருக்கிறது. மாவின் மாதிரியை அதுவரை குப்பையில் போட்டுவிடாமல், மகன் கைக்கு எட்டாத இடத்தில் மூடி வைத்திருங்கள்.